தோணி போகுதா, திரும்பி வருதா? 180 டிகிரி கோடும் ஒரு வாவிக் காட்சியும்

தோணிக்காரன் | ஜூன் 2, இரவு 10.15

180 டிகிரி விதியெல்லாம் கேமரா தூக்கித் திரிகிறவர்களுக்குத்தான், வரைகிறவனுக்கு அது தேவையில்லை. இது என் கட்சி. பிழையென்றால் சொல்லுங்கள்.

நான் செய்வது நான்கு நிமிடப் படம். விடியற்காலையில் அம்மப்பாவும் பேரனும் தோணியில் கல்லடிப் பாலத்தடியால் டவுன் பக்கம் போகிறார்கள். அணியத்தில் பேரன், பின்பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிறான். அம்மப்பா பின்னால் நின்று கம்பு ஊன்றுகிறார். மொத்தம் 11 ஷாட், முழுக்க இருவரும் கதைப்பதுதான். அம்மப்பா எப்போதும் திரையில் வலப்பக்கம் பார்க்கிறார், பேரன் இடப்பக்கம் பார்க்கிறான். விதியைப் படித்தே செய்தேன், பார்வையில் பிழையில்லை.

ஆனால் அனிமேட்டிக்கைப் பார்த்த என் தங்கச்சி, "ஏன் அவங்க திரும்பத் திரும்ப வீட்டுக்கு வாறாங்க?" என்று கேட்டாள். விதியைக் காப்பாற்றியும் இப்படியென்றால் அந்த விதியால் என்ன பயன்?

கலியாணக் கேமரா | ஜூன் 2, இரவு 10.52

தம்பி, 180 என்றால் ஷட்டர். 25 ஃபிரேமில் எடுத்தால் 1/50 வைக்க வேண்டும். அதைக் கூட்டினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். தங்கச்சிக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வாவிக்கரை | ஜூன் 2, இரவு 11.20

காக்கா, அது வேறு 180. இரண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒன்று. அனிமேஷனிலும் அந்த ஷட்டர் உண்டு. பிளெண்டரில் மோஷன் பிளர் போட்டால் ஷட்டர் 0.5 என்று நிற்கும், அதுதான் நீங்கள் சொல்லும் 180. தம்பி கேட்பது கதைக்கிற இரண்டு பேருக்கு நடுவே போகிற கோடு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்கிற விதி.

தோணிக்காரன், பேரனுடைய ஷாட்டில் தண்ணீரும் கரையும் எந்தப் பக்கமாக ஓடுகின்றன? அதை மட்டும் சொல்லும். மற்றதைப் பிறகு கதைப்போம்.

தோணிக்காரன் | ஜூன் 3, காலை 6.05

வலப்பக்கமாக. அம்மப்பா ஷாட்டில் இடப்பக்கமாக. பேரன் எதிர்ப்பக்கம் பார்க்கிறான்தானே, அவனுக்குப் பின்னால் இருப்பதும் எதிராக ஓட வேண்டும் என்று விட்டேன்.

வாவிக்கரை | ஜூன் 3, காலை 6.40

பிடிபட்டது. தங்கச்சி சொன்னது சரி. உமது தோணி ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை போகிறது, ஒரு தடவை வருகிறது.

வேலைக்குப் போக முதல் சுருக்கமாக எழுதுகிறேன். கதிரையில் இருந்து கதைக்கிற இருவருக்கு ஒரு கோடுதான், ஒருவர் மூக்கிலிருந்து மற்றவர் மூக்குக்கு. தோணிக்கு இரண்டு. ஒன்று கதைக்கிற கோடு, மற்றது போகிற கோடு. உமது காட்சியில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இருப்பதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. அதனால் கேமரா ஒரு பக்கம் நின்றால் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றும், தாண்டினால் இரண்டும் சேர்ந்து மாறும். நீர் பார்வையைக் காப்பாற்றி ஓட்டத்தை மட்டும் தாண்டவிட்டீர். உண்மையான கேமராவால் அப்படிச் செய்யவே ஏலாது. வரைகிறவனால்தான் ஏலும்.

வாவிக்கரை | ஜூன் 3, பகல் 12.30

சோத்துப் பார்சலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், காலையில் சொன்னது காணாது.

திசைகளை வைத்துப் பார்ப்போம். தோணி வடக்கே போகிறது. கேமரா கல்லடிப் பக்கம், அதாவது கிழக்கே நின்று மேற்கே பார்க்கிறது. அப்போது வடக்கு நமக்கு வலக்கைப் பக்கம். தோணி வலப்பக்கம் போகும், கரை இடப்பக்கம் வழுகும்.

இனி அம்மப்பாவின் முகத்துக்குக் கேமராவை அணியத்துப் பக்கம் கொண்டுபோய்த் தென்மேற்கே திருப்புங்கள். அவருக்குப் பின்னால் தெரிவது நாம் விட்டுவந்த வாவி. அது இடப்பக்கம் வழுகிக்கொண்டே தூரப் போகும், அதாவது சிறுக்கும். பேரனுக்குக் கேமராவைப் பின்பக்கம் கொண்டுபோய் வடமேற்கே திருப்புங்கள். அவனுக்குப் பின்னால் நாம் போய்ச் சேரப்போகிற பாலமும் டவுனும். அதுவும் இடப்பக்கம்தான் வழுகும், ஆனால் கிட்ட வரும், பெருக்கும்.

ஆக, இரண்டு ஷாட்டிலும் வழுகுவது ஒரே பக்கம். மாறுவது பெருக்கமும் சிறுக்கமும்தான். நீர் பெருக்கச் சிறுக்கத்தை ஒன்றாக விட்டு, மாறக்கூடாத பக்கத்தை மாற்றியிருக்கிறீர். சந்தேகமென்றால் பஸ்ஸில் ஒரே ஜன்னலால் முதலில் முன்னுக்கும் பிறகு பின்னுக்கும் சரிந்து பாரும்.

தங்கச்சி ஏன் "வீட்டுக்கு" என்று சொன்னாள் தெரியுமா? பேரனுக்குப் பின்னால் டவுன் கரையை வைத்து அதை வலப்பக்கம் ஓடவிட்டால் தோணி இடப்பக்கம் போகிறது. டவுனைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடப்பக்கம் தெற்கு. கல்லடிப் பிள்ளைக்கு அது வீட்டுத் திசை. கொழும்பில் காட்டியிருந்தால் "ஏதோ குழப்பமாக இருக்கு" என்று சொல்லி விட்டிருப்பார்கள்.

அக்கரைப்பற்று 3டி | ஜூன் 3, பிற்பகல் 3.15

தேவையில்லாத கரைச்சல். 3டியில் தோணியை ஒரு தடவை செய்து கேமராவை வைத்தால் ஓட்டமெல்லாம் தானாகச் சரிவரும். 2டிக்காரர்கள் தட்டையாக வரைந்துவிட்டு விதியைக் குறை சொல்கிறார்கள். அதோடு ஜப்பானிய இயக்குநர் ஓஸு இந்தக் கோட்டை மதித்ததே இல்லை. அவர் படங்களில் கதைக்கிற இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். யாரும் எழும்பிப் போகவில்லை.

வாவிக்கரை | ஜூன் 3, இரவு 8.50

பாதி சரி. 3டியில் ஓட்டமும் பார்வையும் பிரியாது, அது உண்மை. ஆனால் கேமராவைக் கோட்டின் மற்றப் பக்கம் வைக்க 3டி உங்களைத் தடுக்காது. ஷூட்டிங்கில் கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் லைட்டைத் தூக்கி ஸ்டாண்டை நகர்த்த வேண்டும், யாராவது ஒருவர் "ஏன் சேர் அங்கால போறீங்க?" என்று கேட்பார். 3டியில் மவுஸை இழுத்தால் போய்விடும். கேட்க ஆளில்லை.

ஓஸு தாண்டினார், உண்மை. ஆனால் எப்போதும் தாண்டினார். கேமரா நிலத்துக்குக் கிட்ட, இருவர் முகமும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே இடம், பார்வை கிட்டத்தட்ட நம்மை நோக்கி. அதற்குள் போய்விட்டால் அது ஒரு முறை, கண் பழகிவிடும். ஓரிடத்தில் மட்டும் தவறித் தாண்டுவது அந்த முறை ஆகாது. அவருடைய ஆட்கள் அறைக்குள் பாயில் இருக்கிறார்கள். வழுகுகிற கரை அங்கே கிடையாது.

தோணிக்காரன் | ஜூன் 4, காலை 7.20

எப்படி இப்படி ஆனது என்று இப்போது விளங்குகிறது. பிளெண்டரில் ஆளையும் தோணியையும் கரைப் படத்தையும் ஒரே எம்ப்டிக்குக் கீழே கட்டியிருந்தேன். அம்மப்பா ஷாட்டை அப்படியே கொப்பி பண்ணி, ஆளை மாற்றி, எம்ப்டிக்கு இதைப் போட்டேன்:

```
Scale X = -1
```

ஆளும் திரும்பினான், கரை ஓட்டமும் திரும்பியது. நேற்று இரவு கரைப் படத்தை மட்டும் பிடித்து Alt+P போட்டு விடுவித்தேன். இப்போது இடப்பக்கம் ஓடுகிறது. ஆனால் டவுன் கரை இன்னும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலமாக மாறி இருக்கிறது.

வாவிக்கரை | ஜூன் 4, காலை 7.45

Alt+P போட்டதும் வந்த மெனுவில் `Clear and Keep Transformation` என்பதை அழுத்தியிருப்பீர். அது எம்ப்டியின் -1ஐக் கரைப் படத்துக்கே எழுதிக் கொடுத்துவிடும். இடப்பெயர்ச்சிக்குக் கீ இருந்ததால் ஓட்டம் பழையபடி ஆனது. அளவுக்குக் கீ இல்லை, அதனால் -1 ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தின் Scale X-ஐ 1 ஆக்கும், முடிந்தது.

அதோடு தோணியின் பக்கத்தில் பேர் ஏதும் எழுதியிருந்தால் பேரன் ஷாட்டில் அதையும் பாரும்.

தோணிக்காரன் | ஜூன் 4, காலை 7.58

எழுதியிருந்தேன். பாட்டியின் பேர். இடம் வலமாக மாறிக் கிடக்கிறது. மூன்று பேர் பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை!

கலியாணக் கேமரா | ஜூன் 4, காலை 9.30

கோட்டை இப்போது விளங்கிக்கொண்டேன். எங்கள் தொழிலில் மண்டபத்தில் இரண்டு கேமரா, ஒன்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம், மற்றது பெண் வீட்டார் பக்கம். எடிட்டில் வெட்டி வெட்டிப் போடுவோம். ஒன்றில் மாப்பிள்ளை வலம் பார்ப்பார், மற்றதில் இடம். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. வட்டிலப்பம் முடிந்துபோனதற்குத்தான் சண்டை வந்தது.

வாவிக்கரை | ஜூன் 4, மாலை 5.10

காக்கா, உங்கள் படத்தைப் பார்க்கிறவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். மேடை எங்கே, வாசல் எங்கே என்று அவர்கள் தலைக்குள் வரைபடம் இருக்கிறது. மாமி எந்தப் பக்கம் நின்றா என்று கோபத்தோடு நினைவும் இருக்கும். தம்பியின் தோணியை யாரும் பார்த்ததில்லை. அந்த இடம் முழுவதையும் பார்க்கிறவர் ஷாட்டை வைத்தே கட்ட வேண்டும்.

வரைந்த முகத்துக்கு இன்னுமொரு கரைச்சல் உண்டு. உண்மையான மனிதர்களில் சட்டை, நிழல், சுவர் எல்லாமே "இவர் அந்தப் பக்கத்தவர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். நம் படத்தில் அம்மப்பாவின் கண் இரண்டு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, மூக்கு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான் சாட்சி. அதனால் தாண்டினால் கூடுதலாக அடிபடும்.

அனுபவம் ஒன்று. சில வருடத்துக்கு முதல் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குச் சிறுவர் தொடரின் ஸ்டோரிபோர்டு செய்தேன். மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்து கதைக்கிற காட்சி. மூவருக்கு மூன்று கோடு. முயல் நரியோடு கதைக்கும்போது ஒரு கோடு, நரி ஆமையோடு கதைக்கும்போது வேறு கோடு. நான் ஒவ்வொரு சோடியையும் தனித்தனியாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. ஆனால் ஒரு சோடியிலிருந்து மற்றதற்குப் போகும் இடத்தில் நரி இடப்பக்கம் பார்த்தது அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் பார்த்தது, நடுவில் தலை திரும்பவேயில்லை. 22 பெனல் திரும்பி வந்தது. நரி முயலை விட்டு ஆமையைப் பார்க்கத் தலையைத் திருப்புகிற ஒரு ஷாட் வைத்திருந்தால் போதும், கோடு அந்தத் தலையோடு சேர்ந்து சுழன்றிருக்கும். ஒரு ஷாட்டை மிச்சம் பிடிக்கப்போய் 22ஐத் திரும்ப வரைந்தேன். காசும் இல்லை.

தோணிக்காரன் | ஜூன் 5, இரவு 9.05

ஓட்டம் சரி. தங்கச்சி இப்போது வாய் திறக்கவில்லை. ஆனால் வேகம் பிடிக்கவில்லை. அகன்ற ஷாட்டில் கரை ஒரு ஃபிரேமுக்கு 3 பிக்சல் போகிறது. முக ஷாட் இரண்டு மடங்கு பெரிதாக்கியது. அப்போ 6 வைப்பதா?

வாவிக்கரை | ஜூன் 5, இரவு 9.30

6 என்பது பக்கவாட்டில் நேராகப் பார்த்தால். நீர் 45 டிகிரி சரிந்து பார்க்கிறீர். சரிவால் பக்க ஓட்டம் 0.7 மடங்காகக் குறையும். 4 வையும்.

திருக்கோவில் டீச்சர் | ஜூன் 6, காலை 10.40

இடையில் வருகிறேன். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? படத்தில் இரண்டு பாலம் தெரிகிறதே. புதுப் பாலம் 2013இல்தான் திறந்தது. அம்மப்பா ட்ரான்சிஸ்டர் ரேடியோ கேட்கிறார். அந்தக் காலமென்றால் 1924இல் கட்டிய இரும்புப் பாலம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

தோணிக்காரன் | ஜூன் 6, காலை 11.15

டீச்சர், நன்றி. பாதிப் பின்னணியைத் திரும்பக் கீறவேண்டும். அழுகை வருகிறது.

அக்கரைப்பற்று 3டி | ஜூன் 6, பகல் 1.00

ஷாட் 6 பார்த்தேன். பேரன் பாலத்தைப் பார்க்கத் திரும்பி வலப்பக்கம் பார்க்கிறான். அடுத்ததில் அம்மப்பாவும் வலப்பக்கம். இருவரும் ஒரே பக்கம்! கோடு தாண்டியாச்சு. இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

வாவிக்கரை | ஜூன் 6, பகல் 1.25

ஒத்துக்கொள்ள மாட்டேன். கோடு என்பது கேமரா நிற்கும் பக்கத்தைப் பற்றியது. ஒருவரையொருவர் பார்க்கும்போது பார்வைகள் எதிரெதிராக வரும், அது அதன் விளைவு. பேரன் முதுகைக் காட்டி முன்னே பார்க்கிறான், அம்மப்பா அவன் பிடரியைப் பார்த்துக் கதைக்கிறார். கேமரா கிழக்கேதான் நிற்கிறது. இருவரும் வலப்பக்கம் பார்த்தாக வேண்டும். மாற்றினால்தான் பிழை.

வாவிக்கரை | ஜூன் 6, இரவு 10.10

என் மேலுள்ள பதிவில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஷாட் 5ஐயும் 6ஐயும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். 5இல் பேரன் அம்மப்பாவைப் பார்க்கிறான், இடம். 6 தொடங்கும்போதே வலம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் திரும்பியதை நாம் காணவில்லை. அங்கே அக்கரைப்பற்றுத் தம்பி தடுமாறியது நியாயம், எனக்கும் ஒரு கணம் கேமரா பாய்ந்தது மாதிரித்தான் தெரிந்தது. கோட்டில் பிழையில்லை, ஆனால் கோட்டுப் பிழை மாதிரித் தெரிகிறது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தோணிக்காரன், 5இன் கடைசி 12 ஃபிரேமில் தலையைத் திருப்பத் தொடங்கும். 6இல் திரும்பி முடியட்டும். அரை விநாடிச் செலவு.

அக்கரைப்பற்று 3டி | ஜூன் 6, இரவு 10.22

பாதி வாபஸ் என்றாலும் எழுத்தில் வந்துவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

தோணிக்காரன் | ஜூன் 8, இரவு 8.15

தலை திருப்பினேன், சரிவந்தது. இனி அடுத்த கேள்வி, இதைத் திட்ட வேண்டாம். பாலத்துக்கு அங்கால் போனதும் அம்மப்பா பேரனிடம், "நான் இனி வாவிக்கு வரமாட்டேன், கம்பு உனக்குத்தான்" என்கிறார். அந்த இடத்தில் எல்லாம் மாறவேண்டும். கோட்டை வேண்டுமென்றே தாண்டலாமா?

வாவிக்கரை | ஜூன் 8, இரவு 9.40

தாண்டலாம். தாண்டுவதற்கு உமக்குப் பாலமே இருக்கிறது.

தோணி பாலத்தடி நிழலுக்குள் போகும்போது கேமராவைக் கோட்டின் மேலேயே வையும். தோணிக்கு முன்னால் தண்ணீர் மட்டத்தில் நின்று, தோணி நேரே நம்மைப் பார்த்து வரட்டும். அந்த ஷாட்டில் கரை எந்தப் பக்கமும் வழுகாது. நடுவிலிருந்து பார்த்தால் பாலத் தூண்கள் இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சிறுத்துப் போகும். திசை என்று ஒன்றும் இல்லாத ஷாட் அது. 2 விநாடி, 48 ஃபிரேம் போதும். அதற்குப் பிறகு கேமராவை மேற்கே, டவுன் பக்கம் வைத்துக் கல்லடியைப் பாரும். இனித் தோணி இடப்பக்கம் போகும். கரை வலப்பக்கம் வழுகும். அம்மப்பா இடம் பார்ப்பார், பேரன் வலம். நான்கும் சேர்ந்து மாற வேண்டும், ஒன்றை மறந்தாலும் முதல் நாள் கதைதான்.

இதில் உமக்கு இலவசமாக ஒன்று வரும். இவ்வளவு நேரமும் கிழக்கே நின்று மேற்கே பார்த்தீர், காலை வெயில் உமது முதுகுப் பக்கம், முகங்கள் வெளிச்சமாக இருந்தன. தாண்டியதும் வெயில் அவர்களுக்குப் பின்னால். கல்லடிப் பக்கத் தென்னைகளுக்கு மேலால் சூரியன், முகங்கள் இருட்டு. அம்மப்பா அந்தச் செய்தியைச் சொல்லும்போது முகம் வடிவாகத் தெரியத் தேவையில்லை.

ஆனால் தயவுசெய்து Scale X = -1 போட்டுத் தாண்டாதீர். அப்படிச் செய்தால் வெயிலும் கூடவே புரளும், அம்மப்பாவின் கம்பு கை மாறும், சால்வை தோள் மாறும். பின்னால் டவுன்தான் நிற்கும். அது கோட்டைத் தாண்டுவது இல்லை, கண்ணாடியைத் திருப்புவது.

திருக்கோவில் டீச்சர் | ஜூன் 9, காலை 7.30

என் கேள்வி வேறு. பிள்ளைகள் இடமிருந்து வலமாக வாசிக்கிறார்கள். வலப்பக்கம் போவது "போதல்", இடப்பக்கம் போவது "திரும்பி வருதல்" என்று அவர்களுக்குத் தோன்றாதா? பாலம் தாண்டியதும் இடப்பக்கம் போனால் வீட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்துவிட்டால்?

கலியாணக் கேமரா | ஜூன் 9, காலை 8.10

டீச்சர், என் பிள்ளைகள் பின்னேரம் ஓதப் போகிறார்கள். அங்கே வலமிருந்து இடம். பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலம். அவர்களுக்கு எந்தப் பக்கம் போதல்?

வாவிக்கரை | ஜூன் 9, காலை 8.35

நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. டீச்சர் சொல்வதை ஸ்டோரிபோர்டு செய்கிற பலரும் நம்புகிறார்கள். காக்காவின் வீட்டுப் பிள்ளைகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். என் எண்ணம், ஒரு படம் முதல் அகன்ற ஷாட்டில் எதைப் போதல் என்று காட்டுகிறதோ அதுதான் அந்தப் படத்துக்குப் போதல். அதனால்தான் பாலத்தடி ஷாட் முக்கியம். அங்கே புது ஒப்பந்தம் எழுதுகிறோம். டீச்சரின் பயத்துக்காக வேண்டுமென்றால் பாலம் கடந்த பிறகு முதலாவதாக ஒரு அகன்ற ஷாட் வையும், பாலம் தோணிக்குப் பின்னால், திரையின் வலப்பக்கம் தெரியட்டும். பாலத்தை விட்டு விலகுகிறார்கள் என்று தெரிந்தால் திரும்புகிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

வாவிக்கரை | ஜூன் 11, மாலை 6.50

ஞாயிறு பின்னேரம் சகலனின் தோணியில் போன் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஜூன் 5 நான் சொன்ன 4 பிக்சல் பிழை.

சரிந்து பார்க்கும்போது 0.7ஆகக் குறையும் என்றேன், அது ஒரு தடவை. ஆனால் 45 டிகிரி சரிந்து பார்த்தால் அதே கரை 1.4 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அதற்காக இன்னொரு 0.7. இரண்டும் சேர்ந்தால் பாதி. ஆக 6இல் பாதி, 3. அகன்ற ஷாட்டில் இருந்த அதே வேகம்தான். இரண்டு மடங்கு பெரிதாக்கியதும் 45 டிகிரி சரிந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இது கரைக்கு மட்டும்தான். கிட்ட நிற்கிற கண்டல் எல்லாம் தறிகெட்டு ஓடுகிறது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சகலன் கேட்டார், "மீன் பாடுதா என்று கேக்க வந்தியா?" போனில் கரையை அளக்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றேன்.

தோணிக்காரன் | ஜூன் 14, இரவு 11.05

3 வைத்தேன். 4ஐ விட நல்லது, ஏன் என்று தெரியாமலே தங்கச்சியும் அதைத்தான் தெரிவு செய்தாள். பாலத்தடி ஷாட்டும் வைத்தேன். தாண்டியதை அவள் கவனிக்கவேயில்லை, "ஏன் இருட்டாகிட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு இடம் மட்டும் இன்னும் உதைக்கிறது. ஷாட் 10. பார்வை சரி, கரை சரி, வெயில் சரி. ஆனால் தோணி நின்றுவிட்ட மாதிரி, சில வேளை பின்னுக்குப் போகிற மாதிரி இருக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன்.

அக்கரைப்பற்று 3டி | ஜூன் 15, காலை 9.00

அந்தக் கொக்கு.

வாவிக்கரை | ஜூன் 15, காலை 9.20

தம்பி சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை. கொக்கு இடப்பக்கம் பறக்கிறது, தோணியும் இடப்பக்கம் போகிறது. கொக்கு தோணியை விட வேகம். கண் கொக்கைப் பிடித்துக்கொண்டால் தோணி பின்தங்குவதாகத் தெரியும். கரையைப் பார்க்க நேரமில்லை, ஷாட் இரண்டு விநாடிதான்.

தோணிக்காரன் | ஜூன் 15, காலை 9.31

கொக்கை அழித்துவிட்டேன்.

வாவிக்கரை | ஜூன் 15, காலை 9.34

அழிக்காதீர், வடிவான கொக்கு. வலப்பக்கம் பறக்க விடும். ஆனால் அதற்கு மட்டும் Scale X = -1 போடலாம், எழுத்துமில்லை, சால்வையுமில்லை.

திருக்கோவில் டீச்சர் | ஜூன் 15, பகல் 12.05

வெயில் கொக்குக்கு எந்தப் பக்கம் அடிக்கிறது?

வாவிக்கரை | ஜூன் 15, பகல் 12.20

அதைத் திரும்ப வரையும் தம்பி.